பவர் பேங்க், சார்ஜர் வாங்கும் முன் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் பேங்க் பெட்டியின் முன்பக்கம் பெரிதாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று எம்ஏஎச், இன்னொன்று வாட். பெரும்பாலானவர்கள் அந்த இரண்டையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்குகிறார்கள், பிறகு ஏமாற்றமாக இருக்கிறது. உண்மையான விவரமெல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. நான் இப்போது பயன்படுத்தும் பவர் பேங்கின் பின்பக்கத்தை அப்படியே கீழே தருகிறேன். நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கிற ரகம் இதுதான், கீழே வரும் பதில்களில் திரும்பத் திரும்ப இதைத்தான் எடுத்துப் பார்க்கப் போகிறோம்.

```
Capacity: 10000mAh 3.7V (37Wh)
Rated Capacity: 5800mAh (5V⎓3A)
Type-C Input: 5V⎓3A, 9V⎓2A
Type-C Output: 5V⎓3A, 9V⎓2.22A, 12V⎓1.67A
USB-A Output: 5V⎓3A, 9V⎓2A, 10V⎓2.25A
Total Output: 5V⎓3A
```

பவர் பேங்க் 10000 எம்ஏஎச், என் போன் 5000 எம்ஏஎச். ரெண்டு தடவை ஃபுல் ஆகணுமே, ஏன் ஆகலை?

ஆகாது, பவர் பேங்க் நன்றாக இருந்தாலும் ஆகாது. 10000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. செல் வேலை செய்வது சுமார் 3.7 வோல்ட்டில். வெளியே வரும்போது அதை 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ உயர்த்தித்தான் போனுக்குக் கொடுக்க முடியும். வோல்ட் ஏறினால் எம்ஏஎச் இறங்கும், அப்படி மாற்றும்போது கொஞ்சம் சூடாகவும் வீணாகும். அதனால் எம்ஏஎச்சை எம்ஏஎச்சோடு ஒப்பிடாமல் வாட்-மணியில், அதாவது லேபிளில் `Wh` என்று இருப்பதில் ஒப்பிடுங்கள், குழப்பம் போய்விடும்.

மேலே உள்ள லேபிளில் செல்லின் மொத்த ஆற்றல் 37 வாட்-மணி. வெளியே கிடைப்பது 5800 எம்ஏஎச், 5 வோல்ட்டில். அதாவது 5.8 × 5 = 29 வாட்-மணி. போனின் பேட்டரி 5000 எம்ஏஎச், சுமார் 3.87 வோல்ட், ஆக 19.35 வாட்-மணி. ஆனால் 29-ம் முழுதாகப் பேட்டரிக்குள் போகாது. போனும் அதைத் திரும்ப இறக்கி எடுத்துக்கொள்ளும்போது பத்து சதவீதம் போல இழக்கும், மிச்சம் 26.1. அதை 19.35-ஆல் வகுத்தால் 1.35. ஒரு முழு சார்ஜ், அப்புறம் மூன்றில் ஒரு பங்கு. சார்ஜ் ஏறும்போது திரையை எரியவிட்டு வீடியோ பார்த்தால் அதுவும் குறையும்.

இதை மோசடி என்று சொல்ல முடியாது. `Rated Capacity` என்று நேர்மையாக அச்சடித்திருக்கிறார்களே. அந்த வரியே இல்லாத பவர் பேங்கை வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. அது 10000-க்கு 5500 முதல் 6500 வரை இருந்தால் சரியானது.

அப்போ 20000 வாங்கிடறதுதானே நல்லது?

எதற்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது. 20000 என்றால் 74 வாட்-மணி, மேலே போட்ட அதே கணக்கில் 5000 எம்ஏஎச் போனை இரண்டரை தடவைக்கு மேல் ஏற்றலாம். ஆனால் எடை 350 கிராமிலிருந்து 450 கிராம் வரை வரும், சட்டைப் பையில் போட முடியாது. அதையே திரும்பச் சார்ஜ் செய்ய, 18 வாட் சார்ஜரில் போட்டாலும் ஐந்து ஆறு மணி நேரம் ஆகும், பழைய 10 வாட் சார்ஜர் என்றால் ராத்திரி முழுக்க. தினமும் ஆபீஸ் போய் வருகிறவருக்கு 10000 தாராளம். இரண்டு நாள் ரயில், மலையேற்றம், குடும்பத்தில் மூன்று பேருக்கு ஒரே பவர் பேங்க் என்றால் 20000 எடுங்கள்.

ஆன்லைன்ல 50000 எம்ஏஎச்னு ரொம்ப மலிவா கிடைக்குதே, வாங்கலாமா?

தராசில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது பவர் பேங்கில் போடும் நல்ல லித்தியம் செல் ஒரு கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணி தேக்கும், அவ்வளவுதான். 50000 எம்ஏஎச் என்றால் 185 வாட்-மணி, செல் மட்டுமே முக்கால் கிலோ இருந்தாக வேண்டும். 300 கிராம் எடையில் ஒருவர் 50000 என்று விற்றால் உள்ளே அவ்வளவு இருக்க வழியே இல்லை. விற்பனைப் பக்கத்திலேயே எடை போட்டிருப்பார்கள், அதை வைத்தே கணக்குப் பார்க்கலாம். 10000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 180 முதல் 250 கிராம் இருக்கும், 150-க்குக் கீழே போனாலே எனக்குச் சந்தேகம் வரும்.

எடை சரியாக இருந்தாலும் முழுதாக நம்பிவிட முடியாது, உள்ளே இரும்புத் துண்டோ மணலோ வைத்து எடை கூட்டிய பொருள்களும் பிடிபட்டிருக்கின்றன. சந்தேகமாக இருந்தால் சிறிய யூஎஸ்பி மீட்டர் ஒன்றை இடையில் செருகி, முழுச் சார்ஜில் இருந்து தீரும் வரை எத்தனை வாட்-மணி வெளியே வந்தது என்று பாருங்கள். 37 போட்டதில் 28-க்கு மேல் வந்தால் நல்ல பொருள். 15 வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

22.5 வாட் பவர் பேங்க்தான் வாங்கினேன், ஆனா போன் மெதுவாத்தான் ஏறுது. ஏமாத்திட்டாங்களா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேலே உள்ள லேபிளில் 22.5 வாட் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். டைப்-சி வழியில் 9 × 2.22, சுமார் 20 வாட். 12 × 1.67, அதுவும் 20. அகலமான பழைய யூஎஸ்பி-ஏ வழியில் 9 × 2 = 18. கடைசியாக 10 × 2.25, அங்கேதான் இருக்கிறது 22.5. இந்த 10 வோல்ட் முறை ஹுவாவே, ஹானர் போன்களுக்காக வந்தது. நம் ஊரில் அந்தப் போன் வைத்திருப்பவர்கள் குறைவு. மற்ற போன்களுக்கு 10 வோல்ட் என்ற அந்தப் பேச்சே புரியாது, அவை தமக்குப் புரிகிற வேறு வரியைத் தேடும், எதுவும் பொருந்தாவிட்டால் 5 வோல்ட்டில் போய் நிற்கும். ஆக, பெட்டியின் முன்னால் போட்ட எண் நமக்குக் கிடைக்கவே கிடைக்காத எண்ணாக இருக்கலாம்.

வேகமான சார்ஜிங் என்பது சார்ஜரும் போனும் பேசிக்கொண்டு ஒரு வோல்ட்டேஜில் ஒத்துக்கொள்வது. இரண்டுக்கும் ஒரே மொழி தெரிய வேண்டும். அந்த மொழிகளில் பொதுவானது பவர் டெலிவரி, டைப்-சி வழியாக 5, 9, 15, 20 வோல்ட் என்று படிப்படியாகக் கொடுப்பது. ஐபோனுக்கு இது போதும். மேலே உள்ள பவர் பேங்கின் டைப்-சி வழியில் போட்டால் 20 வாட் எடுத்துக்கொள்ளும், ஆனால் அதையே யூஎஸ்பி-ஏ வழியில் போட்டால் மெதுவாகத்தான் ஏறும். இரண்டு துளையும் ஒன்றுதானே என்று நினைத்து இந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள்.

சாம்சங் கேலக்ஸியில் 25 வாட் வரும் மாடல்களுக்கு இன்னொன்றும் வேண்டும், பிபிஎஸ். பவர் டெலிவரியின் நீட்சிதான் அது. படிப்படியாகத் தாவாமல், பேட்டரி அந்த நேரத்தில் கேட்கும் வோல்ட்டேஜைப் பொடிப்பொடியாக மாற்றி மாற்றிக் கொடுக்கும். அதனால் போனுக்குள் சூடு குறையும். லேபிளில் `PPS: 3.3-11V` என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். என் பவர் பேங்கில் அந்த வரி இல்லை, அதனால் அந்த சாம்சங் போனைப் போட்டால் திரையில் `Super fast charging` வராது, வெறும் `Fast charging` மட்டும் வரும். பழுது எதுவும் இல்லை, பேசும் மொழி இல்லை, அவ்வளவுதான். பிக்சல் போன் வைத்திருப்பவர்களும் பிபிஎஸ் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது வகை ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி, விவோ, ஷாவ்மி. இவர்களின் 67 வாட், 80 வாட், 120 வாட் எல்லாம் சொந்த மொழி. போனோடு வந்த சார்ஜர், அதே கம்பெனிக் கேபிள், இரண்டும் சேர்ந்தால்தான் அந்த வேகம். வெளியார் பவர் பேங்கில் வேகம் நிறையக் குறையும், எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். வாங்கும் முன் உங்கள் போன் மாடலின் விவரப் பக்கத்தில் பவர் டெலிவரியில் எத்தனை வாட் ஏற்கும் என்று பார்த்துவிடுங்கள். 18 வாட்தான் ஏற்கும் என்றால் 65 வாட் பவர் பேங்குக்குப் பணம் கொடுப்பதில் உங்கள் போனுக்கு ஒரு லாபமும் இல்லை.

ரெண்டு போனை ஒண்ணா போட்டா ரெண்டுமே ஸ்லோ ஆயிடுதே?

லேபிளின் கடைசி வரியைப் பாருங்கள்: `Total Output: 5V⎓3A`. இரண்டு துளையிலும் போன் இருந்தால் மொத்தமே 15 வாட், அதையும் 5 வோல்ட்டில் பங்கு போட்டுக் கொடுக்கும். உள்ளே வோல்ட்டேஜை உயர்த்தும் சுற்று ஒன்றே ஒன்று என்பதால் ஒரு போனுக்கு 9, இன்னொன்றுக்கு 5 என்று ஒரே நேரத்தில் கொடுக்க முடிவதில்லை. அவசரமாக இருப்பவருடைய போனை முதலில் தனியாகப் போடுங்கள், அரை மணி கழித்து அடுத்தது.

சார்ஜர் வாட் அதிகமா இருந்தா போன் பேட்டரி கெட்டுடுமா?

கெடாது. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது போன். சார்ஜரின் வாட் அது கொடுக்கக்கூடிய உச்ச அளவு மட்டுமே. லேப்டாப்புக்கான 65 வாட் பவர் டெலிவரி சார்ஜரில் 20 வாட் போனைச் செருகினால் 20 வாட்தான் எடுக்கும், பேச்சு ஒத்துப்போகவில்லை என்றால் 5 வோல்ட்டிலேயே நிற்கும். அதனால் வீட்டில் ஒரே ஒரு நல்ல சார்ஜர் வாங்குவதாக இருந்தால் டைப்-சி, 45 அல்லது 65 வாட், பிபிஎஸ் உள்ளதாக வாங்குங்கள். போன், பவர் பேங்க், டைப்-சியில் ஏறும் லேப்டாப் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே ஆகும்.

பேட்டரியைக் கெடுப்பது சூடு. மெத்தை மேல், தலையணைக்கு அடியில், தடித்த கவரோடு வெயில் விழும் ஜன்னலோரத்தில் சார்ஜ் போடுவதுதான் அதன் ஆயுளைக் குறைக்கிறது. லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்ய 45 டிகிரிதான் பொதுவான மேல் எல்லை. நம் மே மாதத்தில் அறையே அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

கேபிள்ல என்ன இருக்கு, எதை வேணா போடலாமே?

வேகம் குறைந்தால் நான் முதலில் மாற்றிப் பார்ப்பது கேபிளைத்தான். மெல்லிய மலிவான கேபிளில் மின்தடை 0.3 ஓம் இருக்கிறது என்று வையுங்கள், 3 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.9 வோல்ட் போய்விடும், 5-ல் 4.1-தான் போனுக்கு வந்து சேரும். போன் உடனே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். இரு பக்கமும் டைப்-சி உள்ள முறையான கேபிள் 3 ஆம்பியர், 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் 5 ஆம்பியர் போக வேண்டும் என்றால் கேபிளின் முனையில் ஒரு சிறு சிப் இருக்க வேண்டும், அது நான் 5 ஆம்பியர் தாங்குவேன் என்று சார்ஜருக்குச் சொல்லும். சாம்சங்கின் 45 வாட் போன்களுக்கு இந்தக் கேபிள் தேவை. 25 வாட் மாடலுக்கு வேண்டாம்.

பிஐஎஸ் முத்திரை இருந்தா போதுமா? அதை எப்படிச் சரிபார்க்கறது?

பிஐஎஸ் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. இந்தியாவில் விற்கும் பவர் பேங்க், சார்ஜர் இரண்டுக்குமே அதன் பதிவு கட்டாயம். பொருளின் மேலேயே முத்திரையும், அதன் மேல் `IS 13252` என்றும், கீழே `R-` என்று தொடங்கி எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். புதிதாக வருபவற்றில் `IS/IEC 62368` என்ற தர எண்ணைப் பார்க்கலாம், அதுவும் சரிதான். பவர் பேங்குக்குள் இருக்கும் செல்லுக்குத் தனியாக `IS 16046` உண்டு.

முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதனால் எண்ணைச் சரிபாருங்கள். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பை இறக்கி, ஆர் எண் சரிபார்க்கும் பகுதியில் அந்த எட்டு இலக்கத்தைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளர், எந்தப் பொருள், எந்த பிராண்ட் என்று வரும். வருகிற விவரம் கையில் இருக்கும் பொருளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். போன வருஷம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஒரு சார்ஜரைக் கையில் எடுத்து எண்ணைப் போட்டுப் பார்த்தேன், எண் உண்மையானதுதான், ஆனால் எல்இடி விளக்கு செய்யும் ஒரு கம்பெனியின் எண் அது. வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சார்ஜரில் இது இன்னும் தீவிரமான விஷயம். பவர் பேங்கில் ஆபத்து தீ, சார்ஜரில் கூடுதலாக ஷாக். உள்ளே 230 வோல்ட் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும் நல்ல காப்பும் கட்டாயம். விலை குறைப்பவர்கள் கை வைப்பது அங்கேதான், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

`CE` எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது ஐரோப்பியச் சந்தைக்காகத் தயாரிப்பாளர் தானே கொடுக்கும் உறுதிமொழி. பிஐஎஸ் பதிவுக்கும் ஒரு எல்லை உண்டு: மாதிரிப் பொருளைத்தான் ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள், உங்கள் கைக்கு வந்த அந்த ஒன்றை அல்ல.

பெரிய கம்பெனின்னா பயப்பட வேண்டாம்தானே?

வாய்ப்பு குறைவு, ஆனால் முழுதாக இல்லை என்று சொல்ல முடியாது. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் தன் பவர்கோர் 10000 மாடலில், `A1263` என்ற எண் உள்ளவற்றை, அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்றது. உள்ளே இருந்த லித்தியம் செல் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதுதான் காரணம். பேர் வாங்கிய கம்பெனிதான், ஆனால் செல் இன்னொருவரிடமிருந்து வருகிறது. மாடல் எண் தெளிவாக அச்சடித்த பொருள் என்றால் இப்படி அறிவிப்பு வரும்போது நம்முடையதா என்று பார்த்துக்கொள்ளலாம். எண்ணே இல்லாத பொருளைத் திரும்பப் பெற யாரும் வர மாட்டார்கள்.

விமானத்துல எவ்வளவு கொண்டு போகலாம்?

100 வாட்-மணி வரை அனுமதி தனியாகக் கேட்க வேண்டாம், அதாவது 27000 எம்ஏஎச் வரை. 100-இலிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் கிடையாது. எதுவானாலும் கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, சரக்கு அறையில் புகைந்தால் யாருக்கும் தெரியாது. வாட்-மணி எழுத்து அழிந்துபோயிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், லேபிள் தேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி 28-ல் தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன் தீப்பற்றிய பிறகு விதிகள் இறுகிவிட்டன. தென்கொரிய விமானங்களில் மார்ச் 1 முதல் தலைக்கு மேல் பெட்டியில் வைக்கத் தடை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கில் போன் சார்ஜ் செய்யவும் தடை, எமிரேட்ஸில் அக்டோபர் 1 முதல் பயன்படுத்தவே தடை. சென்னையிலிருந்து சிங்கப்பூர், துபாய் போகிறவர்கள் போனை வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். மற்ற நிறுவனங்களின் விதியையும் டிக்கெட் போட்ட பிறகு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பவர் பேங்க் லேசா உப்பியிருக்கு, ஆனா வேலை செய்யுது. பயன்படுத்தலாமா?

கூடாது. இன்றே நிறுத்துங்கள். உள்ளே செல் சிதைந்து வாயு சேர்ந்ததால்தான் உப்புகிறது, உள்ளிருக்கும் மெல்லிய தடுப்பு எப்போது கிழியும் என்று சொல்ல முடியாது. என்னுடைய பழைய பவர் பேங்க் ஒன்றை மே மாத மதியத்தில் காரின் டாஷ்போர்டில் மறந்து வைத்துவிட்டேன், சாயங்காலம் எடுத்தபோது மேஜையில் வைத்தால் ஆடியது, அவ்வளவு சின்ன உப்பல். சமதளத்தில் வைத்து ஆடுகிறதா, மூடியின் ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா, பக்கத்தில் இனிப்பான ரசாயன வாடை வருகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

உப்பியதைச் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தி வாயுவை வெளியேற்ற நினைக்காதீர்கள். எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல், மணல் போட்ட மண் சட்டியிலோ உலோகப் பாத்திரத்திலோ வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும், அதை எடுக்கும் தொழிலாளிதான் அகப்படுவார்.

இயர்பட்ஸ் போட்டா கொஞ்ச நேரத்துல தானா நின்னுடுது, பழுதா?

பழுது இல்லை. இயர்பட்ஸ் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, எதுவும் செருகவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் அணைத்துக்கொள்கிறது. பலவற்றில் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் குறைந்த மின்னோட்ட நிலைக்குப் போகும், விளக்கின் நிறம் மாறும். உங்களுடையதில் எப்படி என்று கூட வந்த தாளில் இருக்கும். அந்த வசதி இல்லாத பவர் பேங்க் என்றால் இயர்பட்ஸை வீட்டுச் சார்ஜரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.